பால் பாக்கெட்டை எடுத்துத் தர இயலாது: பாத்திர நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விற்பனைப் பிரிவினருக்கு,

உங்கள் இட்லிப் பானைக்கு வாடிக்கையாளர் ஒருவர் எழுதிய மதிப்புரையோடு வந்த படத்தின் பின்னணியை மாற்றித் தரும் வேலையை நான் ஏற்கவில்லை. மின்னஞ்சலில் இதைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தேன். பதிலுக்கு உங்கள் மேலாளர் தொலைபேசியில், "பேக்ரவுண்ட் மட்டும்தானே மாத்தச் சொல்றோம், ரிவியூல ஒரு எழுத்தைக்கூடத் தொடலையே" என்றார். மற்ற எடிட்டர்கள் முகம் சுளிக்காமல் செய்து தருவதாகவும், இதை முடித்தால்தான் முந்தைய கேட்டலாக் வேலைக்கான என் பில் நகரும் என்றும் சேர்த்துச் சொன்னார். இதே வேலை இன்னும் சிலர் கைக்குப் போயிருக்கிறது என்றால், மறுப்பதற்கான காரணமும் அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை.

முதலில் அந்தப் படத்தையே பார்ப்போம். சிறிய சமையலறை. பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர், அடுப்புக்கு மேலே மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்திருக்கிறது. இரண்டு பர்னர் அடுப்பில் உங்கள் பானை. இடது பக்கம் ஜன்னல் இருக்க வேண்டும், வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது. ஆணியில் ஒரு பள்ளிப் பை தொங்குகிறது. பானையை ஒட்டி, அதன் அடிப்பாகம் தெரியும்படி, நீல நிற அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதியிருப்பது இதுதான்: "16 இட்லி வருது, ஆனா சின்ன இட்லி. நாலு பேருக்குச் சரியா இருக்கும். ஸ்டீல் நல்ல கனம். சைஸ் தெரியறதுக்காகப் பால் பாக்கெட் பக்கத்துல வெச்சிருக்கேன்." நான்கு நட்சத்திரம்.

உங்கள் குறிப்பில் இருந்தது: சுவரை எடுத்துவிடுங்கள், மாடுலர் கிச்சன் போடுங்கள், பாக்கெட்டை எடுங்கள், பானை இன்னும் "கம்பீரமாக" தெரியட்டும். மாதிரிக்கு நீங்களே ஒட்டிப் பார்த்த படத்தையும் அனுப்பியிருந்தீர்கள்.

பின்னணி மட்டும் என்கிறீர்கள். அந்த மதிப்புரை சொல்லும் முக்கியச் செய்தியே பின்னணியில்தான் இருக்கிறது. பானை எவ்வளவு பெரிது என்று ஒரு வாடிக்கையாளர் இன்னொரு வாடிக்கையாளருக்குக் காட்ட விரும்பினார். வீட்டில் அளவுகோல் தேடவில்லை. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் காலையில் கையில் இருக்கும் பொருளை எடுத்து வைத்தார். அதைப் பார்க்கும் யாருக்கும் பானையின் உயரம் ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். பாக்கெட்டை எடுத்துவிட்டால் அந்த வரி எதைச் சுட்டுகிறது? வரியும் போய்விடும், அல்லது இல்லாத பாக்கெட்டைப் பற்றி ஒரு வரி நிற்கும். எழுத்தைத் தொடவில்லை என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

உங்கள் மாதிரிப் படத்தை நான் அளந்து பார்த்தேன். அதில் இருப்பது மேடையில் பதித்த நான்கு பர்னர் ஹாப். அந்த வகை பெரும்பாலும் 60 செ.மீ. அகலத்தில் வருவது. உங்கள் விற்பனைப் பக்கத்தில் பானையின் விட்டம் 22 செ.மீ. என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் பானை அந்த ஹாப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். நீங்கள் ஒட்டியதில் சரிபாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதாவது அந்தப் படத்தை நம்புகிறவர் கண்ணுக்குப் பானை 30 செ.மீ. விட்டம் உள்ளது. விட்டத்தில் 8 செ.மீ. கூடுதல் என்றால் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் உயரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. கொள்ளளவு என்று பார்த்தால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படத்தில் பார்த்தது இவ்வளவு, பெட்டியைத் திறந்தால் இவ்வளவு என்று கையை விரித்துக் காட்டிச் சண்டை போடும் வாடிக்கையாளர்கள் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரத்தோடு நிற்கும் மதிப்புரைகளில் "சைஸ் சின்னது" என்பதே அடிக்கடி கண்ணில் படுகிறது. அந்தப் பால் பாக்கெட் படம் உங்களுக்கு வரவிருந்த ரிட்டர்ன்களைத் தடுத்துக்கொண்டிருந்த படம்.

சரி, பானையைச் சரியான அளவிலேயே வைத்துப் பின்னணியை மட்டும் மாற்றினால்? மேலாளர் அதையும் கேட்டார். நியாயமான கேள்விதான். தொழில் தெரிந்தவனாக அதற்குப் பதில் சொல்கிறேன்.

வாடிக்கையாளர் நின்றுகொண்டு, போனை நெஞ்சுயரத்தில் பிடித்து, சற்றுக் குனிந்த கோணத்தில் எடுத்திருக்கிறார். அதனால் பானையின் வாய் நன்கு விரிந்த முட்டை வடிவில் தெரிகிறது, மூடியின் மேற்பரப்பு முழுவதும் தெரிகிறது. நீங்கள் அனுப்பிய மாடுலர் கிச்சன் படம் ஸ்டாண்டில் கேமராவை வைத்து மேடை மட்டத்துக்குச் சற்று மேலே எடுத்தது. அங்கே மேடை ஒரு மெல்லிய பட்டை போலத்தான் தெரியும். அந்தப் பட்டையின் மேல் இந்த விரிந்த வாயை வைத்தால் பானை முன்பக்கமாகக் கவிழப்போவது போல இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இதைச் சரிசெய்ய எனக்கு இருக்கும் ஒரே வழி, முட்டை வடிவத்தை மேலிருந்து கீழாக நசுக்குவது. வாயை நசுக்கினால் உடம்பை நீட்ட வேண்டும். உடம்பை நீட்டினால் பானையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மாறிவிடும். பின்னணியில் ஆரம்பித்த வேலை சரக்கில் வந்து நிற்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் பானை எவர்சில்வர். பளபளப்பான எவர்சில்வருக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, எதிரில் இருப்பதை வாங்கிக் காட்டும். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பானையின் வலது விலாவில் பச்சைச் சாயல், அது சுவர். இடது விலாவில் நெடுக்காக வெள்ளைக் கோடு, அது ஜன்னல். அடியில், பாக்கெட் சாய்ந்திருக்கும் இடத்துக்கு மேல், வளைந்து இழுபட்ட ஒரு நீலத் தீற்றல். மூடியின் குமிழில் கூர்ந்து பார்த்தால் போனைப் பிடித்திருக்கும் ஒரு கை கூடத் தெரிகிறது. சுவரையும் பாக்கெட்டையும் நான் எடுத்துவிடலாம். அவை பானையின் மேலேயே தங்கிவிடும். வெள்ளை லேமினேட் போட்ட சமையலறைக்குள் பச்சை விலாவோடு ஒரு பானை நிற்கும்.

பச்சையை வடித்தெடுக்கலாம்தான். வடித்தால் எவர்சில்வர் ஈயம் போல மங்கும். மங்கலைப் போக்க வெண்மையை ஏற்ற வேண்டும். ஏற்றினால் அடியில், சூடுபட்டு லேசாக நீலமும் பழுப்பும் பாய்ந்திருக்கும் வளையம் மறையும். வாயின் விளிம்பில் உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைப் பொட்டுகளும் மறையும். அந்த வளையமும் பொட்டும்தான் பானை அடுப்பில் ஏறியது, இட்லி வெந்தது என்பதற்குச் சாட்சி. கடைசியில் நான் தருவது, யாரும் ஒருநாளும் பயன்படுத்தாத பானையின் படமாக இருக்கும். அதைப் "பயன்படுத்திப் பார்த்தவர் எடுத்த படம்" என்ற தலைப்புக்குக் கீழே நீங்கள் போடுவீர்கள்.

பிடிபடாமல் செய்ய முடியாதா என்று கேட்டால், முடியும். நிழலைப் புதிதாக வரையலாம், போன் கேமராவின் பொரிப்பொரியான புள்ளிகளைப் பின்னணியிலும் தூவலாம், ஓரங்களில் ஒட்டியிருக்கும் பழைய நிறத்தைத் துடைக்கலாம். இவை என் அன்றாட வேலைகள். திறமை போதவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் இதே படத்தை இன்னும் சில வீடுகளில் வைத்தது போலவும் செய்து தரச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கே எந்தத் திறமையும் உதவாது. ஒரே கோணம், ஒரே வெள்ளைக் கோடு, மூடியில் ஒரே நெளிவு. ஓய்வாக உட்கார்ந்து மதிப்புரைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் எந்தக் குடும்பத் தலைவியும் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஊட்டி ஏரியும் தாஜ்மகாலும் வரைந்த துணிக்கு முன்னால் நிற்கவைத்துத்தானே படம் எடுத்தார்கள், அதை யாராவது மோசடி என்றார்களா என்பது மேலாளரின் இன்னொரு வாதம். நானும் ஸ்டுடியோவில் டச்சப் பழகியவன்தான். அந்தத் துணியைப் பார்த்து யாரும் ஏமாறவில்லை. நிற்பவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும், துணியின் மடிப்பே படத்தில் தெரியும். உங்கள் கேட்டலாக் படங்களும் அப்படித்தான். விற்பனைத் தளங்கள் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கின்றன, 255, 255, 255 என்று நிற எண் சொல்லியே கேட்கும் தளங்களும் உண்டு. அந்த வெள்ளைக்குள் யாரும் வசிப்பதில்லை என்று வாங்குகிறவருக்குத் தெரியும். கடைக்காரர் அலங்கரித்து வைத்த படம் என்று தெரிந்தே பார்க்கிறார். பார்த்துவிட்டு, அலங்காரம் இல்லாத படம் எங்கே என்று கீழே போய்த் தேடுகிறார். நீங்கள் கைவைக்கச் சொல்வது அங்கே.

சட்டமும் இதில் பேசாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020, விற்பனையாளர் தன்னை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை இடுவதையும், பொருளின் தரத்தையோ தன்மையையோ திரித்துக் காட்டுவதையும் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடுவதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. வெளியிட்டபோது அது விரும்பினால் பின்பற்றுவதாகவே இருந்தது, கட்டாயமாக இல்லை. அபராதத்துக்கு அஞ்சித்தான் மறுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "சின்ன டச்சப்" என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது, எதில் போய் விழும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தப் படம் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர், அது போனில் எடுத்த படமாக இருந்தாலும். விற்பனைத் தளத்தில் பதிவேற்றும்போது அவர் தளத்துக்குத்தான் அனுமதி தருகிறார். அதை நீங்கள் இறக்கி, மாற்றி, உங்கள் இன்ஸ்டாகிராமில் விளம்பரமாகப் போட அவர் எங்கேயும் சம்மதிக்கவில்லை. அவரிடம் கேட்டீர்களா என்று நான் எழுதிக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. தன் வீட்டுச் சுவரை நீங்கள் மறைக்க வேண்டிய ஒன்றாகப் பார்த்தீர்கள் என்பது அவருக்குத் தெரியவந்தால் எப்படி இருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள். அந்தச் சமையலறையில்தான் உங்கள் பானை விலை கொடுத்து வாங்கப்பட்டு, தினமும் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வீட்டுச் சமையலறை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். என் வீட்டிலும் அடுப்புக்கு மேல் சுவர் கறுப்புதான்.

நான் எதைச் செய்து தருவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் சம்மதித்தால் படத்தின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டித் தருவேன். டியூப்லைட்டால் ஏறிய நிறத்தைச் சமன்செய்வேன். சாய்ந்திருப்பதை நிமிர்த்துவேன். பள்ளிப் பையில் பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ வாசிக்கும்படி இருந்தால் அதை மங்கலாக்குவேன், அதை நீங்கள் கேட்காமலே செய்திருப்பேன். பாக்கெட் வெட்டுப்படாத வரை ஓரங்களைக் கத்தரிப்பேன். அவ்வளவுதான். மாடுலர் கிச்சனில் பானை வேண்டுமென்றால் அதற்கும் நேர்வழி உண்டு. ஒரு பானையை எடுத்துக்கொண்டு அப்படி ஒரு சமையலறைக்குப் போய்ப் படம் எடுப்போம். அல்லது பின்னணியோடு நானே கட்டித் தருகிறேன், பானை 22 செ.மீ. அளவிலேயே இருக்கும், கீழே "விளம்பரப் படம்" என்று இருக்கும், உங்கள் கேட்டலாக்கில் போகும். அதற்கு வழக்கமான கூலிதான்.

இனி என் கோரிக்கைகள்.

அந்த மதிப்புரைப் படத்தை மாற்றித் தரும் வேலையை, எனக்கு மட்டுமல்ல, யாருக்குக் கொடுத்திருந்தாலும் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே மாற்றி வாங்கிய மதிப்புரைப் படங்கள் உங்கள் விற்பனைப் பக்கத்திலோ விளம்பரத்திலோ இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இந்தப் பானைக்கான மதிப்புரைப் படத்தை விளம்பரத்தில் காட்ட விரும்பினால், தளத்தின் வழியாக அந்த வாடிக்கையாளருக்கு எழுதி எழுத்துமூலமான அனுமதி வாங்குங்கள். எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவீர்கள் என்பதை அதில் சொல்லுங்கள். அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் பானையின் விட்டத்தோடு, உயரத்தையும் ஒரு இட்லிக் குழியின் விட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். "16 இட்லி" என்பதை எல்லாரும் தத்தம் வீட்டு இட்லியை மனதில் வைத்துத்தான் படிக்கிறார்கள்.

முடித்துக் கொடுத்து, நீங்களும் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட கேட்டலாக் படங்களுக்கான என் பில்லை இந்த வேலையோடு முடிச்சுப் போடாமல் தீர்த்துவிடுங்கள். அது வேறு வேலை, வேறு ஆர்டர். பதினைந்து நாளுக்குள் தொகை வரவில்லை என்றால், ஆர்டரின் நகலோடு உங்கள் கணக்குப் பிரிவுக்கும் நிர்வாக இயக்குநருக்கும் முறைப்படி கடிதம் அனுப்புவேன்.

உங்கள் மேலாளர் குறிப்பிட்ட "மற்ற எடிட்டர்கள்" இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதிப்புரைப் படம் என்று சொல்லி ஒரு படம் வந்தால், வேலையைத் தொடங்குமுன் எடுத்தவரின் அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை ஆர்டரோடு சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேட்டலாக் படங்களைச் செய்து தரும் ஃப்ரீலான்ஸ் எடிட்டர்